மலச்சிக்கலுக்குப் பருப்பு, கீரை, பழம்: வேலூர்ச் சமையலறைக்கு ஒரு முழு வழிகாட்டி

மலச்சிக்கல் என்று உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் கீரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், அனேகமாக எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். பருப்பும் தினமும் உண்டு, ராத்திரி ஒரு வாழைப்பழமும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. எவ்வளவு என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கீரை என்பது சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி, அதுவும் வாரத்தில் இரண்டு நாள். பருப்பு என்பது நாலு பேருக்கு ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீராக ஓடுகிற சாம்பார். தட்டை நிரப்புவது வெள்ளைச் சோறு.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூடத் தேறாது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடியும் சோறோ தோசையோ என்று ஓடினால், வயிறு நிறையும், ஆனால் கணக்கு 14, 15 கிராமிலேயே நின்றுவிடும். வட ஆற்காட்டுப் பக்கம் முன்பு கேவுருக் களியும் கம்பங்கூழும் அன்றாடச் சாப்பாடாக இருந்த வீடுகளில் இந்தக் குறை தானாகவே நிரம்பியது. இன்று களி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் கிளறுவதாகவும், கூழ் ஆடி மாதத்துக் கோயில் விஷயமாகவும் ஆகிவிட்டன.

எனவே இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது புது உணவு எதையும் அல்ல. ஏற்கெனவே தட்டில் இருக்கிற பருப்பையும் கீரையையும் பழத்தையும் எந்த அளவுக்கு, எந்த வரிசையில் கூட்டுவது என்பதைத்தான். அளவும் வரிசையும் தப்பினால், நல்ல உணவே வயிற்றை உப்ப வைத்துவிடும்.

முதலில் யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக வருவது, முக்கி முக்கிப் போவது, போன பிறகும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி தோன்றுவது, இவையெல்லாம் மலச்சிக்கலின் அடையாளங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை போனாலும் சிரமம் இல்லாமல் மிருதுவாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. தினமும் போயே ஆக வேண்டும் என்ற கவலையில் பேதி மாத்திரை போடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை.

ஆனால் மலத்தில் ரத்தம், கருப்பாகத் தார்போல் மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டில் வைத்தியம் தேடிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பரிசோதனை முதலில், சாப்பாட்டு மாற்றம் அப்புறம். மூலம்தான் என்று நினைத்துக்கொண்டு ரத்தத்தைச் சும்மா விடுவது பெரிய ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கருப்பாகத்தான் இருக்கும், அது வேறு. சந்தேகமாக இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லிக் கேளுங்கள். வயிறு கடுமையாக வலித்து, உப்பி, காற்றுகூடப் பிரியாமல் வாந்தி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு கூட்டம், சாப்பிடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பருப்பு, கீரை, பழம், தண்ணீர் நாலுக்குமே கட்டுப்பாடு இருக்கலாம். இதய நோய்க்காகத் தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை மாறும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் எந்தக் கீரை, எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த முறை பொதுவாக ஒத்துவரும், பழத்தின் அளவில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒருவரின் ஒரு நாள்

அளவு எப்படிக் குறைகிறது என்பதை ஒரு ஆளை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தைக்கிற ஒரு அக்கா, வயது 42. அவர் ஊருக்குக் கம்பெனி வேன் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு ஏறுவார். எட்டரைக்குக் கம்பெனியில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் டப்பாவில் சோறு, சாம்பார், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் டீயோடு ஒரு பன். ராத்திரி சோறு, ரசம், அப்பளம். ரத்தசோகைக்கு மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை தினமும் ஒன்று. மூன்று, நான்கு நாளைக்கு ஒரு முறைதான் போவார், அதுவும் கண்ணில் தண்ணீர் வர.

கணக்குப் பார்ப்போம். நாலு இட்லியில் உளுந்தோடு சேர்த்து 4 கிராம், சட்னியில் 1. மதியச் சோற்றில் 3, தண்ணீர்ச் சாம்பாரில் 1, உருளைக்கிழங்கில் 1. பன்னில் அரை. ராத்திரிச் சோற்றில் 3. மொத்தம் 13, 14 கிராம். தேவையில் பாதி.

சாப்பாடு மட்டும் காரணமில்லை என்பது இவரிடம் பேசும்போது தெரிந்தது. "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம். லைன்ல இருந்து எழுந்தா ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுப் போகணும். அதனால குடிக்கறதே இல்ல" என்றார். வேலூர்ப் பக்கத்து வெயிலில், நாள் முழுக்க இரண்டு டீயும் ஒரு டம்ளர் தண்ணீரும். காலை உணவைச் சாப்பிட்ட பிறகு குடல் அசைந்து உந்துகிற நேரத்தில் அவர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார், அடக்கிக்கொள்கிறார். அடக்க அடக்க, குடல் மலத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மலம் இறுகும், உந்துதலும் மங்கும். மாத்திரை அதன் மேல் இன்னொரு பாரம். இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலத்தைக் கட்டும்.

இந்த நிலையில் அவருக்கு முதல் நாளே ஒரு கிண்ணம் கீரையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் இல்லாத குடலில் நார் போய் அடைத்து, காற்றும் வலியும் கூடியிருக்கும். கீரை எனக்கு ஒத்துக்கல என்று அவர் அதோடு விட்டிருப்பார். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். நான்கு வாரம், வாரத்துக்கு 4, 5 கிராம் என்று கூட்டுவதே பத்திரமான வழி.

நாலைந்து நாளாகப் போகாமல், மலம் கீழே கல்லாக இறுகி நிற்கிற உணர்வு இருந்தால், முதலில் மருத்துவர் உதவியோடு அதை வெளியேற்றிவிட்டுத்தான் இந்த நான்கு வாரத்தைத் தொடங்க வேண்டும். அடைப்புக்கு மேல் நாரைக் கொட்டக் கூடாது.

முதல் வாரம்: தண்ணீர், காலை நேரம், ஒரு கொய்யா

நார் வேலை செய்வதே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு முதல் இரண்டரை லிட்டர். சித்திரை, வைகாசியில் இன்னும் கூட வேண்டும். லிட்டர் கணக்கு பிடிபடாவிட்டால் சிறுநீரைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் போகிறது, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. மோர், ரசம், நீராகாரம் எல்லாம் இதில் சேர்த்தி.

ஷூ கம்பெனி அக்காவுக்கு நாள் முழுக்கக் குடி என்று சொல்லிப் பயனில்லை. எனவே இடைவேளைகளை ஒட்டிப் பிரித்தோம். எழுந்ததும் இரண்டு டம்ளர். காலை டிபன் நேரத்தில் ஒன்று, மதிய இடைவேளை தொடங்கும்போது ஒன்று, சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, டீ இடைவேளையில் ஒன்று. வீடு திரும்பியதும் இரண்டு, ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டு. கழிப்பறைக்குப் போக வேண்டிய நேரமும் ஓரளவு இடைவேளைகளோடு ஒத்துப்போயிற்று.

அடுத்தது காலை நேரம். வயிற்றில் ஏதாவது விழுந்த அரை மணிக்குள் பெருங்குடல் அசைவது உடம்பின் இயல்பு. காலையில் அது இன்னும் பலமாக இருக்கும். அதைப் பயன்படுத்த, வேன் வருவதற்கு முன் வீட்டிலேயே எதையாவது சாப்பிட்டாக வேண்டும். வெறும் டீ போதாது. இவர் ஐந்தரைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு பழுத்த வாழைப்பழமும் சாப்பிட்டு, ஆறு மணிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். வருகிறதோ இல்லையோ, பத்து நிமிடம், அவ்வளவுதான். முக்கக் கூடாது, போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காருவது இதற்கு மிகவும் சரியான நிலை. முட்டி வலியால் வெஸ்டர்னுக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு முட்டியை இடுப்புக்கு மேல் உயர்த்திக்கொள்ளலாம்.

பழம். காலை வாழைப்பழம் போக, முதல் வாரத்துக்கு ஒரு கொய்யா, அவ்வளவே. நம் சந்தையில் கிடைக்கிற பழங்களில் நாருக்கு இதற்கு ஈடு குறைவு. 100 கிராம் எடையுள்ள நடுத்தரக் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாது. தோலோடு, கடித்து மென்று சாப்பிட வேண்டும். கொய்யா விதை மலத்தைக் கட்டும் என்று ஒரு பயம் உண்டு. தண்ணீரே குடிக்காமல் கூடை கூடையாகத் தின்றால் விதைகள் சேர்ந்து அடைத்த நிகழ்வுகள் உண்டு என்பது உண்மைதான். ஒன்று, அதிகபட்சம் இரண்டு பழம், கூடவே தண்ணீர் என்றால் அந்தப் பயம் வேண்டாம். பல் சரியில்லாதவர்களுக்குக் கொய்யாவை விட்டுவிட்டுப் பப்பாளி. ஒரு பெரிய கிண்ணத்தில் 3 முதல் 4 கிராம் வரும், மெல்லவும் சிரமம் இல்லை.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி ஒரு பழம் என்பது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். நல்லதுதான், ஆனால் அதில் 2 கிராம் அளவுக்குத்தான் நார் இருக்கிறது. சின்னப் பூவனில் இன்னும் குறைவு. அதை மட்டும் நம்பி இருந்தால் கணக்கு நகராது. பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், தோலில் கரும்புள்ளி விழுந்த பழம் நல்லது. பச்சை மாறாத காயில் துவர்ப்பும் மாவுச்சத்தும் அதிகம். சிலருக்கு அது கட்டிவிடும். ஊறவைத்த பத்து உலர் திராட்சையும் இப்படித்தான். தீங்கில்லை, ஆனால் அதிலிருந்து கிடைப்பது அரை கிராமுக்குள்தான். எந்தப் பழத்தையும் ஜூஸ் போட்டு வடிகட்டிக் குடித்தால் நார் வடிகட்டியிலேயே தங்கிவிடும். சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாம் சுளையாகத்தான் சாப்பிட வேண்டும்.

இரண்டாம் வாரம்: மதியத் தட்டில் கீரையும் பருப்பும்

இந்த வாரம்தான் மொத்தத்தின் நடுநாயகம், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சந்தையில் வாங்குகிற ஒரு கட்டு அரைக்கீரையோ முளைக்கீரையோ, வேரும் முற்றின தண்டும் போக, பெரும்பாலும் 150 முதல் 200 கிராம்தான் நிற்கும். அதைக் கடைந்து நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 40, 50 கிராம். நாராக அது 2 கிராமைத் தாண்டாது. மலச்சிக்கல் இருக்கிறவருக்கு நூறு கிராம் பச்சைக் கீரை வேண்டும், அதாவது அரைக் கட்டுக்குக் குறையாமல். ஆய்ந்த பிறகு இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் இரண்டு அள்ளு. வெந்தால் ஒரு சின்னக் கிண்ணமாகச் சுருங்கிவிடும், சாப்பிடுவது கஷ்டமே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் போதும்படி செய்ய வேண்டுமென்றால் ஒரு கட்டு வாங்கும் இடத்தில் இரண்டு கட்டு வாங்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான், ஆனால் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் கீரை வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எந்தக் கீரை என்பது அதற்கு அடுத்த கேள்வி. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் 100 கிராமுக்கு 4 கிராம் அளவில் வரும். பாலக்கில் அதில் பாதிதான். முருங்கைக்கீரையில் இரண்டு மடங்கு இருக்கிறது, ஆனால் அதை நூறு கிராம் சாப்பிடுகிறவர்கள் அபூர்வம்; ஒரு கைப்பிடி உருவிப் போட்டுப் பருப்போடு வதக்கினாலே போதும். முருங்கைக்கீரையைச் சூப்பாக வைத்து வடிகட்டிக் குடிப்பவர்களுக்கு உப்பும் மிளகும் கிடைக்கும், நார் கிடைக்காது. நம் பக்கம் ஆந்திர எல்லை என்பதால் புளிச்ச கீரைக் கடைசல் எல்லா வீட்டிலும் உண்டு. கேவுருக் களிக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. புளிப்பால் நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கொல்லையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை கிடைத்தால் விட வேண்டாம்.

பருப்புக்கும் இதே கணக்குதான். ஒரு ஆளுக்கு 25 முதல் 30 கிராம் வேகவைக்காத பருப்பு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி தாராளமாக. அதில் இரண்டரை கிராம் நார். வயிறு பழகும்வரை பாசிப்பருப்பு நல்லது. துவரம்பருப்பைவிட இலேசாகச் செரிக்கும்.

இரண்டு பேருக்குக் கடைசல் செய்கிற விதம் இது. பாசிப்பருப்பு 50 முதல் 60 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் காற்றுப் பிடிக்க வைக்கிற சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் விட்டு, மஞ்சள்தூள், ஐந்தாறு பூண்டுப் பல், அரை டீஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய் போட்டுக் குக்கரில் மூன்று விசில். திறந்ததும் பருப்பு விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். அரை வேக்காட்டுப் பருப்புதான் வயிற்றைப் பிசைவது. இப்போது ஒரு பெரிய கட்டு அரைக்கீரையை, இளம் தண்டோடு பொடியாக நறுக்கி, ஒரு தக்காளியோடு பருப்பில் போட்டுத் திறந்த பாத்திரத்தில் ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீரை வடிக்க வேண்டாம். மத்தால் கடையும்போது முழுக்கக் கூழாக்காமல், தண்டு கொஞ்சம் தட்டுப்படும்படி விடுங்கள். கடைவதால் நார் குறைந்துவிடாது. ஆனால் தண்டைத் தூக்கிப் போட்டால் குறையும். கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள்.

இந்தக் கடைசலில் ஒருவர் பங்குக்குக் கீரையிலும் பருப்பிலும் சேர்த்து 6 கிராம் நார் வருகிறது. சோற்றை முன்பு போட்டதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, அந்த இடத்தைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். சோறு அதே அளவில் இருந்தால் இரண்டாம் நாளே கிண்ணம் மீந்துவிடும்.

டப்பாவில் கொண்டுபோகிறவர்களுக்குக் கீரை மதியத்துக்குள் புளித்துவிடும் என்ற கவலை இருக்கும், வெயில் காலத்தில் அது நியாயமானது. கடைசலை நன்றாக ஆறவிட்டு, தனி டப்பாவில், தேங்காய் சேர்க்காமல் கட்ட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த அக்கா கீரையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். மதிய டப்பாவுக்கு அவரைக்காய்ப் பொரியலும் கெட்டிப் பருப்பும். அவரை, கொத்தவரை, பீன்ஸ், வெண்டை எல்லாமே ஒரு கிண்ணத்துக்கு 3, 4 கிராம் கொடுப்பவை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயும் இந்த வரிசைதான். பிரியாணி சாப்பிடுகிற நாளில் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயை இரண்டு கரண்டி கூடுதலாக வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாம் வாரம்: சாயங்காலப் பன்னுக்குப் பதில் சுண்டல்

முதல் இரண்டு வாரம் வயிறு ஒத்துழைத்தால்தான் இதற்கு வர வேண்டும். ஒத்துழைப்பது என்றால் லேசான காற்று இருக்கலாம், வலியும் உப்புசமும் இருக்கக் கூடாது.

முழுப் பயறுகளில் தோல் இருப்பதால், உடைத்த பருப்பைவிட நார் அதிகம். பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு 9 கிராம் என்றால், தோலோடு இருக்கிற பாசிப்பயறில் 16, 17 வரை. கொண்டைக்கடலையில் 25 வரைகூட. ஆனால் எடுத்த எடுப்பில் கொண்டைக்கடலைக்குப் போக வேண்டாம். பாசிப்பயறு, பிறகு காராமணி, பிறகு மொச்சையும் கொண்டைக்கடலையும் என்று ஏறுங்கள். காய்ந்த பயறாக 30 கிராம், சின்னக் கைப்பிடி, ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீர் மாற்றி வேகவைத்தால் ஒரு கிண்ணம் சுண்டல். பயறுக்கு ஏற்ப 4 முதல் 7 கிராம் நார் கிடைக்கும். இஞ்சியும் பெருங்காயமும் தாராளமாகப் போடலாம். வேர்க்கடலை வேகவைத்துத் தின்பது நம் ஊர் வழக்கம். அதுவும் நல்லதுதான், கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காம் வாரம்: காலையோ ராத்திரியோ ஒரு வேளை அரிசி இல்லாமல்

கடைசியாகத் தானியம். ஒரு வேளை அரிசியை எடுத்துவிட்டுக் கேழ்வரகோ முழுப் பயறோ வைத்தால் போதும், மூன்று வேளையும் மாற்றத் தேவையில்லை.

கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் நார். 50 கிராம் மாவில் கூழோ அடையோ செய்தால் 5 கிராமுக்கு மேல். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மெஷினில் அரைத்து வந்த மாவைச் சலித்து, சலித்ததில் நிற்கிற தவிட்டைக் கோழிக்குப் போடுவது பல வீடுகளில் வழக்கம். நமக்கு வேண்டியது அதிலும் இருக்கிறது. கல், தூசி பொறுக்கிவிட்டு அரைத்து, சலிக்காமல் பயன்படுத்துங்கள். களி கிளறும்போது நொய் அதிகம், மாவு குறைவு என்று போனால் அது பாதி சோறுதான். ஜவ்வாது மலைச் சாமையும் நல்ல தேர்வு, வெள்ளை வெளேரென்று தீட்டாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ராத்திரியில் களி கனமாக இருக்கிறது என்பவர்களுக்குப் பாசிப்பயறு தோசை. 40 கிராம் பயறை ஊறவைத்து, இஞ்சி, சீரகம் சேர்த்து அரைத்து இரண்டு தோசை ஊற்றினால் அதிலேயே 6 கிராம் வந்துவிடும். மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதால் வேலை முடித்து வருகிறவர்களுக்கு இது வசதி.

நான்கு வாரத்துக்குப் பிறகு அதே அக்காவின் நாள்

ஐந்தரைக்குத் தண்ணீர், ஒரு வாழைப்பழம், 2 கிராம். எட்டரைக்கு மூன்று இட்லி, சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார், 5. மதியம் குறைத்த சோறு, கீரைக் கடைசல், 8. சாயங்காலம் காராமணிச் சுண்டல், 4. வீட்டுக்கு வந்ததும் ஒரு கொய்யா, 5. ராத்திரி பாசிப்பயறு தோசை இரண்டு, தக்காளிச் சட்னி, 7. மொத்தம் 31. இதில் வெளியூரிலிருந்து வரவழைத்த பொருள் ஒன்றுகூட இல்லை.

கொய்யாவும் சுண்டலும் ஒரே நாளில் வேண்டாம் என்று உடம்பு சொன்னால் 26-லேயே நிற்கலாம். எண்ணிக்கையை எட்டுவது இங்கே நோக்கம் இல்லை. மலம் மிருதுவாக, முழுதாக, முக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். அது 24 கிராமில் நடந்தால் 24-தான் உங்கள் அளவு.

இரும்புச்சத்து மாத்திரையை அவர் தானாக நிறுத்தவில்லை. மலச்சிக்கலைப் பற்றி மாத்திரை எழுதிய மருத்துவரிடமே போய்ச் சொன்னார், அவர் மாத்திரையின் வகையையும் சாப்பிடும் முறையையும் மாற்றிக் கொடுத்தார். கால்சியம் மாத்திரை, சில வகை அல்சர் மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள், வலுவான வலி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், இவையும் மலத்தைக் கட்டக்கூடியவை. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

எங்கே தடம் புரளும், எப்படித் தெரியும்

வயிறு கல் மாதிரி உப்பி, காற்று ஓயாமல் பிரிந்தால் வேகமாகக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். முழுவதையும் விட்டுவிடாமல் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்பி, அங்கேயே பத்து நாள் நில்லுங்கள். குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக அந்த அவகாசம் வேண்டும்.

அளவு கூடியிருக்கிறது, ஆனால் மலம் முன்பைவிடக் கெட்டியாக இருக்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. இது பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில் நடக்கும். பங்குனியில் சரியாக இருந்த தண்ணீர் அளவு, அக்னி நட்சத்திரத்தில் வேர்வைக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் மோரையும் நுங்கையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்து, வேர்த்து வேலை செய்கிறவர்கள் ஒரு லிட்டராவது கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று நாலு நாள் சாப்பாடு மாறும்போது இசப்கோல் உதவும். ஒரு டீஸ்பூனை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர். உலர்ந்தபடி வாயில் போட்டால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். நிலாவரைப் பொடி, விளக்கெண்ணெய் போன்றவை குடலை விரட்டி வேலை வாங்குபவை. எப்போதாவது ஒரு முறை என்றால் சரி, தினமும் தானாக எடுத்துக்கொள்வது கூடாது. பேதியில் தண்ணீரும் உப்பும் போய், அடுத்த நாலு நாளைக்கு மலம் வராது. வரவில்லையே என்று மறுபடியும் பேதி. பலர் வருடக்கணக்கில் இந்தச் சுழலில் இருக்கிறார்கள். ஏற்கெனவே தினசரிப் பழக்கமாக இருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்து, தண்ணீரும் குடித்து, ஆறு வாரம் ஆகியும் மாற்றமே இல்லை, அல்லது நார் கூடக்கூட வயிறு மோசமாகிறது என்றால், அது உணவுக் குறையால் வந்த மலச்சிக்கல் இல்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, நீண்ட நாள் சர்க்கரை, குடலே மெதுவாக அசையும் தன்மை, மலம் கழிக்கும்போது ஆசனவாய்த் தசைகள் தளராமல் இறுகுவது என்று காரணங்கள் வேறு இருக்கலாம். கடைசியில் சொன்ன தசைக் கோளாறுக்குத் தனிப் பயிற்சியே சிகிச்சை, கீரை அதற்கு மருந்தாகாது. குடல் நோய் மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இரண்டு வாரத்துக்கு எந்த நாள் போனது, எப்படி வந்தது, என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர், என்னென்ன மாத்திரை என்று எழுதிக் கொண்டுபோங்கள். அவர் கேட்கப்போகிற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.